கடைக்கு எடுத்த தீ பாலிசியை எங்கிருந்து படிப்பது?

பாலிசிக் கட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஷெட்யூல். உங்கள் பெயர், கடை முகவரி, காலம், காப்பீட்டுத் தொகை எல்லாம் அந்த ஓரிரு பக்கங்களில்தான் இருக்கும். பின்னால் வருவது எல்லோருக்கும் பொதுவான அச்சு வாசகம்.

ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். சரக்கின் மதிப்பு 20 லட்சம். பிரீமியத்தைக் குறைக்க 10 லட்சத்துக்கே காப்பீடு. தீயில் 4 லட்ச ரூபாய் சரக்கு போகிறது. தொகை 10 லட்சம் இருக்கிறதே, நாலும் முழுசாக வரும் என்று கடைக்காரர் நினைப்பார். வராது. பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு என்பதால் நஷ்டத்திலும் பாதி, 2 லட்சம்தான் கணக்கு. அதிலும் ஷெட்யூலில் உள்ள 'எக்ஸஸ்' கழியும். இந்த விகித விதி நிபந்தனைப் பக்கங்களில் இருக்கும். தொகையோ முதல் பக்கத்தில். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் புரியும். 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில், குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் இந்த வெட்டு கிடையாது.

முகவரியையும் கவனியுங்கள். தீபாவளிச் சரக்கைப் பக்கத்துத் தெருக் கிடங்கில் வைத்திருந்து, அந்த முகவரி ஷெட்யூலில் இல்லையென்றால் இழப்பீடு கேட்பது கடினம்.

கடைசியாக எண்டார்ஸ்மென்ட், அதாவது ஒட்டுத்தாள். அச்சு வாசகத்தோடு முரண்பட்டால் பொதுவாக இதுவே செல்லும். வங்கிக் கடன் இருந்தால் பணம் முதலில் வங்கிக்கே என்ற வரியும் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். கிடங்கைச் சேர்க்கச் சொன்னீர்களா? ஏஜென்ட் தலையாட்டினால் போதாது, அதற்கான ஒட்டுத்தாளும் தேதியும் கைக்கு வர வேண்டும்.