வட்டியில் வரி பிடிக்காமல் இருக்க: 15ஜி, 15எச் படிவங்கள்

வங்கி டெபாசிட்டுக்கு வட்டி தரும்போது, அது ஆண்டுக்குக் குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால், பத்து சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் வங்கி வரவு வைக்கும். 2025-26 நிதியாண்டில் இந்த வரம்பு பொதுவாக 50,000 ரூபாய். 60 வயது நிறைந்தவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய். ஒரே வங்கியின் பல கிளைகளில் பணம் பிரிந்து கிடந்தாலும் வட்டி சேர்த்தே கணக்கிடப்படுகிறது. சேமிப்புக் கணக்கு வட்டியில் இந்தப் பிடித்தம் இல்லை.

டெபாசிட்காரர் உண்மையில் வரி கட்ட வேண்டியவரா என்பது வங்கிக்குத் தெரியாது. வரி வராது என்று அவரே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிதான் 15ஜி, 15எச் படிவங்கள். இரண்டும் இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே. வெளிநாடுவாழ் இந்தியர்கள் கொடுக்க முடியாது. நிதியாண்டு முடிவதற்குள் 60 வயது நிறைகிறவர் 15எச் கொடுக்கலாம். அதற்குக் குறைந்த வயதினருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் 15ஜி.

வயதைவிட முக்கியமான வேறுபாடு நிபந்தனையில் இருக்கிறது. பலரும் தடுமாறுவது இங்கேதான். 15எச் கொடுக்க, அந்த ஆண்டின் மொத்த வருமானத்துக்கு வரி பூஜ்யமாக இருந்தால் போதும். 15ஜி கொடுக்க அதோடு இன்னொன்றும் வேண்டும்: வட்டி போன்ற, உறுதிமொழிக்கு உட்பட்ட வருமானங்களின் கூட்டுத்தொகை அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டக் கூடாது. புதிய வரி முறையில் அந்த வரம்பு 4 லட்சம் ரூபாய்.

64 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஓய்வூதியம் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய்; ஒரே வங்கியில் டெபாசிட் வட்டி 2,40,000 ரூபாய். மொத்தம் 6 லட்சம். ஓய்வூதியத்துக்கான நிலையான கழிவு 75,000 போக 5,25,000 மிஞ்சும். புதிய முறையில் இதற்கு வரி 6,250 ரூபாய் வந்தாலும், 12 லட்சம் வரையிலான வருமானத்துக்குக் கிடைக்கும் வரித் தள்ளுபடியால் அது பூஜ்யமாகிவிடும். எனவே அவர் 15எச் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் 24,000 ரூபாய் பிடிக்கப்படும்.

52 வயதான அவருடைய தம்பி, நிலம் விற்ற பணத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் டெபாசிட் செய்திருக்கிறார். வட்டி 4,50,000 ரூபாய். வேறு வருமானம் இல்லை. தள்ளுபடியால் இவருக்கும் வரி பூஜ்யம்தான். ஆனால் வட்டி 4 லட்சத்தைத் தாண்டுவதால் இவர் 15ஜி கொடுக்க முடியாது. வங்கி 45,000 ரூபாயைப் பிடிக்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துதான் அதைத் திரும்பப் பெற வேண்டும். டெபாசிட்டைப் பல வங்கிகளில் பிரித்துப் போட்டாலும், 15ஜிக்கான இந்த 4 லட்சக் கணக்கு மாறாது.

படிவம் ஓராண்டுக்குத்தான் செல்லும். ஏப்ரலிலேயே, முதல் வட்டி வரவாகும் முன், டெபாசிட் உள்ள ஒவ்வொரு வங்கியிலும் தனித்தனியாகக் கொடுப்பது நல்லது. முதிர்வில் மொத்தமாகப் பணம் தரும் டெபாசிட்டிலும் வட்டி சேரச் சேர வரி பிடிக்கப்படுவதால், முதிர்வு வரை காத்திருக்கக் கூடாது. பல வங்கிகளில் இணைய வங்கிச் சேவை வழியாகவே அனுப்பலாம். கிளையில் நேரில் கொடுத்தால் ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆண்டின் நடுவே புது டெபாசிட் போட்டால், பழைய படிவம் அதற்கும் செல்லுமா என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

படிவத்தில் கவனம் கேட்பவை தொகைக் கட்டங்கள். இந்தப் படிவத்தில் வரும் வட்டி எவ்வளவு, ஆண்டின் மொத்த வருமான மதிப்பீடு எவ்வளவு, அதே ஆண்டில் வேறு வங்கிகளுக்குக் கொடுத்த படிவங்கள் எத்தனை, அவற்றின் தொகை எவ்வளவு என்று தனித்தனியே கேட்கப்படும். கடைசி இரண்டையும் வெறுமனே விடுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு படிவத்துக்கும் வங்கி தனி எண் தந்து வருமான வரித் துறைக்கு விவரம் அனுப்புகிறது; ஆகவே மறைத்த தொகை வெளிப்பட்டுவிடும். தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் அபராதத்தோடு சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு.

பான் எண் இல்லாத படிவம் செல்லாது. அப்போது பிடித்தம் 20 சதவீதமாகவும் உயரும். ஆதாரோடு இணைக்காமல் பான் செயலிழந்திருந்தாலும் இதே நிலைதான்.

தாமதமாகக் கொடுத்த படிவம் இனி வரும் வட்டிக்கு உதவும்; ஏற்கெனவே பிடித்து அரசுக்குச் செலுத்திய தொகையை வங்கி திருப்பித் தராது. அந்தத் தொகை தன் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்பதை வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் அறிக்கையில் பார்த்துவிட்டு, கணக்குத் தாக்கல் செய்து கோர வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு அப்போதைய படிவத்தை வங்கியிலேயே கேட்டு வாங்க வேண்டும்.