வியர்வையை எடை போடலாம்

மே மாதச் சென்னையில் காலை ஆறு மணிக்கு வெயில் இன்னும் ஏறியிருக்காது. ஆனாலும் பள்ளி மைதானத்தில் கபடிப் பயிற்சி தொடங்கிய கால் மணி நேரத்தில் பிள்ளைகளின் பனியன் பிழிந்தால் சொட்டும். காரணம் புழுக்கம். வியர்வை தோலில் காய்ந்து ஆவியாகும்போதுதான் உடம்பின் சூட்டைக் கொண்டுபோகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது காயாது. வழிந்து மண்ணில் விழும். நீரும் உப்பும் போய்விடும், சூடு மட்டும் உள்ளேயே நிற்கும்.

“நிறைய தண்ணி குடிங்கப்பா” என்று பயிற்சியாளர் தினமும் சொல்வார், பிள்ளைகளும் தலையாட்டுவார்கள். ‘நிறைய’ என்றால் எவ்வளவு? இதைக் கற்றுக்கொடுக்க ஒரு டிஜிட்டல் எடை மெஷின் போதும். பயிற்சிக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, ஷூவைக் கழற்றிவிட்டு எடை பார்க்க வேண்டும். முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, நனைந்த பனியனை மாற்றிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஈரத் துணியோடு ஏறினால், இழந்த வியர்வையையும் சேர்த்தே மெஷின் காட்டும்.

பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். முன்பு 45 கிலோ, ஒன்றரை மணி நேரம் கழித்து 44.2. குறைந்தது 800 கிராம். நடுவில் 300 மில்லி குடித்திருக்கிறாள், சிறுநீர் கழிக்கவில்லை. ஒரு கிராமை ஒரு மில்லியாக வைத்துக்கொண்டால் வெளியேறிய வியர்வை 1.1 லிட்டர். எடையில் குறைந்தது கிட்டத்தட்ட 1.8 சதவீதம். இரண்டு சதவீதத்தை நெருங்கினாலே பலருக்கு இதயம் வேகமாக அடிக்கத் தொடங்கும், ஓட்டம் தளரும். “இன்னைக்கு என்னமோ முடியல மிஸ்” என்று அவள் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கலாம்.

இழந்தது முழுவதையும் ஆடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 150 மில்லி, அதாவது நான்கு இடைவேளையில் 600 மில்லி குடித்திருந்தால் குறைவு அரை கிலோதான். மைதானத்தில் மில்லியை யார் அளப்பது? அளவு தெரிந்த பாட்டிலிலிருந்து பத்து மடக்கு குடிக்கச் சொல்லி, குறைந்த நீரைப் பத்தால் வகுத்தால் அவளுடைய ஒரு மடக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். முப்பது மில்லி என்றால் இடைவேளைக்கு ஐந்து மடக்கு. அதன் பிறகு அவள் எண்ணிக் குடிப்பாள்.

அவள் ஏன் 300 மில்லியோடு நிறுத்தினாள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பல இடங்களில் பெண் பிள்ளைகள் குறைவாகக் குடிப்பது தாகம் இல்லாமல் அல்ல. அந்நேரத்தில் கழிப்பறை பூட்டிக் கிடக்கும். சாவியை வாங்கி வைக்காமல் அறிவுரை சொல்லிப் பயனில்லை. எடையையும் தனியாகப் பார்த்து, வித்தியாசத்தை மட்டும் எழுத வேண்டும். இந்த வயதில் எடையை உரக்கப் படித்தால், பிள்ளை மறுநாள் சாப்பாட்டைக் குறைக்கக்கூடும்.

பயிற்சிக்குப் பின் எடை கூடியிருந்தால் அதுவும் தவறுதான், தேவைக்கு மேல் குடித்திருக்கிறார்கள். அளவு மீறினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். அதற்கு மேலும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து.

ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட பயிற்சிக்கு வெறும் தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால், அல்லது பனியனில் வெள்ளைக் கோடாக உப்புப் படிந்தால், முடிந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. ஓ.ஆர்.எஸ். கொடுப்பதானால், ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிகுந்து கெடுதல். காஃபின் கலந்த எனர்ஜி டிரிங்க் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம்.

வெறும் டீயோடு வரும் பிள்ளைக்குத் தண்ணீர் மட்டும் கொடுத்து ஓட வைக்க முடியாது. அரை மணி முன்னால் ஒரு வாழைப்பழம் போதும். இட்லி என்றால் ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். ஆட்டம் முடிந்ததும் சுண்டலோ முட்டையோ, கூடவே சோறோ இட்லியோ. அந்தச் சாப்பாட்டில் உள்ள உப்பும், கூடவே குடிக்கும் தண்ணீரும் மீதிக் குறையைத் தீர்த்துவிடும்.

பிள்ளை தடுமாறி நடந்தாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ எடை மெஷினை மறந்துவிட வேண்டும். அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நிழலில் கிடத்தி, தலை முதல் கால் வரை குளிர்ந்த நீரை விடாமல் ஊற்றி, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். வண்டி வந்து சேரும்வரை ஊற்றுவதை நிறுத்தக் கூடாது.