விளக்கப்படத்தில் எழுதியிருப்பதை மட்டும் எடுப்பது

ஒரு பழைய வேளாண் அறிக்கையை மொழிபெயர்க்கிறீர்கள். அல்லது நூலகத்தில் உள்ள அறிக்கைகளைத் தேடிப் படிக்க வசதியாகக் கணினியில் ஏற்றுகிறீர்கள். பத்திகள் எளிதாக வந்துவிடும். பட்டை விளக்கப்படத்தில்தான் வேலை நின்றுபோகும். அதிலுள்ள சொற்கள் வரிவரியாக இல்லை. தலைப்பு மேலே, அளவுகள் இடப்பக்கம், ஊர்ப்பெயர்கள் கீழே, நிற விளக்கம் ஒரு மூலையில் என்று சிதறிக் கிடக்கும். அவற்றை மட்டும் வெற்று எழுத்தாக எடுக்க வேண்டும். பட்டையின் உயரத்தை அளந்து சொல்வது வேறு வேலை. இங்கே அது வேண்டாம்.

ஒரு மாதிரிப் படத்தை வைத்துப் பார்ப்போம். தலைப்பு: டெல்டா மாவட்டங்களில் நெல் உற்பத்தி. செங்குத்து அச்சின் ஓரமாகத் திருப்பி எழுதியிருப்பது: உற்பத்தி (ஆயிரம் டன்). அதன் அருகே 0, 200, 400, 600 என்ற அளவுகள். கீழே தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை. அவற்றுக்கும் கீழே அச்சின் பெயர்: மாவட்டம். வலப்பக்க மேல்மூலையில் மூன்று நிறக் கட்டங்களும் அவற்றுக்கு எதிரே குறுவை, சம்பா, தாளடி என்ற பெயர்களும். எடுக்க வேண்டியது இவ்வளவுதான்.

முதலில், படம் எந்த வடிவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிடிஎஃப் கோப்பாக இருந்தால் ஊர்ப்பெயர் ஒன்றைச் சுட்டியால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எழுத்து நீல நிறத்தில் தேர்வானால் அது உயிருள்ள எழுத்து. நகலெடுத்து ஒட்டினால் போதும். ஆனால் தமிழில் இங்கேயே ஒரு சிக்கல் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் தயாரித்த பல கோப்புகளில் பாமினி போன்ற எழுத்துருக்கள் இருக்கும். திரையில் ‘தமிழ்’ என்று தெரிவதை நகலெடுத்து ஒட்டினால் `jkpo;` என்று வரும். அங்கே எழுத்து தொலைந்துவிடவில்லை. எழுத்துரு மாற்றியில் போட்டால் சரியாகிவிடும். யூனிகோடு கோப்பிலும் கொம்பு இடம் மாறி, ‘கெ’ என்பதில் கொம்பு தனியாகவும் ‘க’ தனியாகவும் வருவதுண்டு. அதைக் கையால் திருத்த வேண்டும்.

எழுத்து தேர்வாகவே இல்லையென்றால், அது ஸ்கேன் செய்த படம், அல்லது எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிச் சேமித்த கோப்பு. அப்போது எழுத்துணரி மென்பொருள் தேவை. இலவசமாகக் கிடைப்பவற்றில் பலரும் பயன்படுத்துவது டெஸராக்ட். எச்பி நிறுவனம் உருவாக்கிய இந்த மென்பொருள் 2005இல் திறந்த மூலமாக வெளியானது. தமிழும் ஆங்கிலமும் கலந்த படத்துக்குக் கட்டளை இப்படி இருக்கும்:

```
tesseract padam.png out -l tam+eng --psm 11 tsv
```

இதில் முக்கியமானது `--psm 11`. டெஸராக்ட் வழக்கமாகப் பக்கத்தைப் பத்திகளாகப் பிரிக்கப் பார்க்கும். விளக்கப்படத்தில் பத்தியே கிடையாது என்பதால், சிதறிக் கிடக்கும் எழுத்துகளை எந்த ஒழுங்கும் எதிர்பார்க்காமல் தேடு என்று இந்த எண் சொல்கிறது. கடைசியில் உள்ள `tsv`, ஒவ்வொரு சொல்லோடும் அது இருக்கும் இடத்தையும், மென்பொருளுக்கு அதன் மேல் உள்ள நம்பிக்கையையும் பட்டியலாகத் தரும். ஸ்கேன் அங்குலத்துக்கு 300 புள்ளி அளவில் இருந்தால் நல்லது. அதற்குக் குறைந்தால் புள்ளியும் கொம்பும் மங்கிவிடும்.

நம் மாதிரியில் இந்தக் கட்டளை ஊர்ப்பெயர்களைப் பிடித்துவிடும். செங்குத்து அச்சின் பெயரைப் பெரும்பாலும் பிடிக்காது, அது கீழிருந்து மேலாகத் திரும்பியிருப்பதால். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, கடிகாரச் சுற்றில் 90 பாகை திருப்பி, தனியாகப் படிக்க வைக்க வேண்டும். இடமில்லாமல் ஊர்ப்பெயர்களைச் சாய்த்து எழுதியிருந்தால் அவற்றுக்கும் இதே வைத்தியம். சாய்வுக்கு ஏற்பத் திருப்ப வேண்டும்.

அடுத்தது, வந்த சொற்களில் எது என்ன என்று பிரிப்பது. இதற்கு இடம்தான் துணை. கீழே ஒரே உயரத்தில் வரிசையாக நிற்பவை ஊர்ப்பெயர்கள். இடப்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக, வலது ஓரம் சமமாக நிற்கும் எண்கள் அளவுகள். சிறு நிறக் கட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பது குறிவிளக்கம். ‘நாகப்’, ‘பட்டினம்’ என்று இரண்டு வரியில் உடைந்திருந்தால் அவை ஒரே பட்டைத் தொகுதிக்கு நேர்கீழே இருக்கும், சேர்த்துவிடலாம். பட்டையின் ஓரக் கோடுகளை மென்பொருள் சில நேரம் எழுத்தென்று நினைத்து `|` அல்லது `l` என்று எழுதும். நம்பிக்கை எண் குறைவாக, பட்டைகள் இருக்கும் இடத்தில் வந்தவை பெரும்பாலும் இந்த வகைக் குப்பை.

தவறைக் கண்டுபிடிக்கப் படமே உதவும். நிறங்கள் மூன்றென்றால் குறிவிளக்கத்தில் மூன்று பெயர்கள் இருக்க வேண்டும். பட்டைத் தொகுதிகள் நான்கென்றால் நான்கு ஊர்கள். அளவுகள் சம இடைவெளியில் ஏற வேண்டும். 0, 200, 900, 600 என்று வந்தால் 4 என்பது 9 ஆகிவிட்டது என்று சந்தேகித்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். தமிழில் ‘ர’வும் துணைக்காலும் அச்சில் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் இரண்டும் மாறுவது வாடிக்கை. எ, ஏ இரண்டும் குழம்பும். கொம்பின் ஒற்றைச் சுழியும் இரட்டைச் சுழியும் குழம்பும்.

ஆனால் இந்தச் சோதனை மென்பொருளின் தவறைத் திருத்தத்தான். படத்தைத் திருத்த அல்ல. படத்தில் 0, 200, 600 என்றுதான் எழுதியிருக்கிறது என்றால் நடுவில் 400 சேர்க்கக் கூடாது. ஊர்ப்பெயரில் அச்சுப் பிழை இருந்தால் அது அப்படியே வர வேண்டும். 1,00,000 என்று இருப்பதை 100,000 என்று மாற்றக் கூடாது. அச்சுக்குப் பெயரே இல்லாத படங்களும் நிறைய. பத்திரிகைப் படங்களில் அலகை மட்டும் தலைப்புக்குக் கீழே அடைப்புக்குறியில் போட்டுவிடுவார்கள். அங்கே பெயர் ஊகிக்காமல் ‘இல்லை’ என்றே எழுத வேண்டும். படிக்க முடியாத சொல்லுக்கு ‘படிக்க இயலவில்லை’ என்று குறிப்பு. பட்டையின் தலையில் எண் எழுதியிருந்தால் அதுவும் எழுத்துதான். எடுக்கலாம், ஆனால் தனி வரிசையாக, எந்த ஊர், எந்தப் பருவம் என்ற விவரத்தோடு.

முடிவில் நம் மாதிரி இப்படி வரும்:

```
தலைப்பு: டெல்டா மாவட்டங்களில் நெல் உற்பத்தி
செங்குத்து அச்சு: உற்பத்தி (ஆயிரம் டன்)
அளவுகள்: 0, 200, 400, 600
கிடை அச்சு: மாவட்டம்
பெயர்கள்: தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை
குறிவிளக்கம்: குறுவை, சம்பா, தாளடி
```

அளவுகளைக் கீழிருந்து மேலாகவும் ஊர்களை இடமிருந்து வலமாகவும் எழுதியிருக்கிறோம். இந்த வரிசையை எல்லாப் படங்களுக்கும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் பின்னால் ஒப்பிட எளிது.

வேலை சரியா என்று பார்க்க, படத்தைப் பார்க்காத ஒருவரிடம் இந்த ஆறு வரிகளைக் கொடுங்கள். படம் எதைப் பற்றியது, எந்த அலகில், எத்தனை மாவட்டங்கள், எத்தனை பருவங்கள் என்று அவர் சொல்லிவிட வேண்டும். எந்த மாவட்டத்தில் சம்பா அதிகம் என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்ல முடியும். அதற்கும் அவரிடம் பதில் இருந்தால், படத்தில் எழுதியிராத ஒன்றை நீங்கள் சேர்த்திருக்கிறீர்கள்.