வரியை எங்கே மடிப்பது?

செல்பேசியில் தமிழ்க் கட்டுரை படிக்கும்போது சில சமயம் ஒரு சொல்லின் வால் திரையின் வலது ஓரத்தைத் தாண்டிவிடும். பக்கம் முழுவதும் பக்கவாட்டில் நகரத் தொடங்கும். உலாவி தமிழ் வரியைப் பொதுவாக இடைவெளி உள்ள இடத்தில்தான் மடிக்கிறது என்பதே காரணம். சீனத்தில் பெரும்பாலும் எந்த எழுத்துக்குப் பிறகும் வரி முடியலாம். தாய்லாந்து மொழியில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. உலாவி ஓர் அகராதியைக் கொண்டு சொல்லெல்லையைக் கண்டுபிடிக்கிறது. தமிழில் இடைவெளி உண்டு. ஆனால் விகுதியும் துணைவினையும் ஒட்டிக்கொண்டு சொல்லை நீட்டிவிடுகின்றன.

'கொண்டாடப்பட்டுக்கொண்டிருக்கின்றன' என்ற சொல்லைப் பாருங்கள். நமக்கு இது 18 எழுத்து. யூனிகோடில் 32 குறியீடுகள். 'கொ' என்பது 'க' ஒன்று, ஒகரக் குறி ஒன்று என இரண்டாகப் பதிவாகிறது. 'ண்' என்பது 'ண'வும் புள்ளியும். குறியீடுகளை எண்ணி வெட்டும் நிரல், எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடலாம். அப்போது தனித்துவிடப்பட்ட குறி, புள்ளிகளாலான ஒரு வட்டத்தோடு திரையில் தெரியும். உலாவி இந்தப் பிழையைச் செய்யாது. எழுத்தை முழுதாகவே எடுத்துக்கொள்ளும்.

சொல் வரியில் அடங்காவிட்டால் உடைக்கலாம் என்று உலாவிக்கு அனுமதி கொடுப்பது `overflow-wrap`. ஆனால் அதற்குத் தமிழ் அச்சு மரபு தெரியாது. 'கொ' ஒரு வரியிலும் 'ண்டாட' அடுத்த வரியிலும் விழக்கூடும். புள்ளி எழுத்தில் வரியைத் தொடங்கக் கூடாது என்பது அச்சுக் கோப்பவர்களின் பழைய விதி. அதை உலாவிக்குச் சொல்ல, பக்கத்தில் `lang="ta"` என்று மொழியைக் குறித்துவிட்டு, இப்படி எழுதலாம்:

```css
p {
  hyphens: auto;
  hyphenate-character: "";
  overflow-wrap: anywhere;
}
```

முதல் வரி, தமிழுக்கான பிரிப்பு விதிகளைத் தேடச் சொல்கிறது. இரண்டாவது, ஆங்கிலத்தில் போல வரி முடிவில் சிறுகோடு வராமல் தடுக்கிறது. தமிழுக்கான பிரிப்பு விதிகள் எல்லா உலாவியிலும் இல்லை. இல்லாத இடத்தில் மூன்றாவது வரி சொல்லைத் திரைக்குள்ளாவது நிறுத்தும்.

எழுத்துருவும் இதில் தலையிடுகிறது. `font-display: swap` என்று எழுதியிருந்தால், பக்கம் முதலில் கருவியில் உள்ள எழுத்துருவில் தெரியும். இணையத்திலிருந்து புதிய எழுத்துரு வந்ததும் மாறும். இரண்டின் அகலமும் ஒன்றாக இருக்காது. எனவே எல்லா வரிகளும் மீண்டும் மடிக்கப்பட்டு, படித்துக்கொண்டிருந்த இடம் கண்ணிலிருந்து நழுவும். `size-adjust` கொண்டு மாற்று எழுத்துருவின் அளவைப் புதியதற்கு நெருக்கமாக்கினால் இந்தக் குதிப்பு குறையும்.

தளம் நடத்துகிறவர்கள் உலாவிச் சாளரத்தை 320 பிக்சலுக்குக் குறுக்கி, மேலே சொன்ன சொல்லைப் பெரிய தலைப்பாக இட்டுப் பார்க்கலாம். சொல் ஓரத்தைத் தாண்டினால் உடைக்கும் அனுமதி இல்லை. புள்ளி எழுத்தில் வரி தொடங்கினால் பிரிப்பு விதி செயல்படவில்லை.