முதல் மணிக்கு இரண்டு கப்!

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு என்றால் எல்லாரும் பிரியாணிச் சட்டியைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் என்னோடு பின்பக்கம் வாருங்கள்! ஜொகூர் மாசாயில் ஒரு வரிசை வீடு. அடுப்படி வாசலில் ரோஸ் சிரப் போத்தல்கள், பால் டின்கள், மூட்டை மூட்டையாக டியூப் ஐஸ். பார்க்கவே குஷியாக இருக்கிறது!

காலை 11 முதல் மாலை 5 வரை 120 பேர் வருவார்கள். வீட்டுக்கார அக்காவின் கணக்கு எளிது: வெயிலில் வந்தவர் முதல் மணி நேரத்தில் இரண்டு கப் குடிப்பார், பிறகு மணிக்கு ஒரு கப். ஆறு மணி நேரத்துக்கு ஆளுக்கு ஏழு கப் என்று தம்பி பெருக்கத் தொடங்கியதும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆறு மணி நேரமும் யாருடா உட்கார்ந்திருப்பா? ரெண்டு மணி நேரத்துல அடுத்த வீட்டுக்குக் கிளம்பிடுவாங்க!”

ஆக, ஆளுக்கு மூன்று கப், மொத்தம் 360. கப்பில் 200 மில்லி வரை ஊற்றினாலும் அதில் 50 மில்லி இடத்தை ஐஸ் பிடித்துக்கொள்ளும். பானம் 150 மில்லிதான். 54 லிட்டர் வருகிறது. கைக்காவலுக்குக் கொஞ்சம் சேர்த்து 60. தம்பியின் கணக்கில் போயிருந்தால் 126 லிட்டர்! இரண்டு மடங்குக்கும் மேல்!

அறுபதில் பாதி பண்டுங், 20 லிட்டர் வெறும் தண்ணீர், மீதி அசாம்பாய் போட்ட எலுமிச்சை. காரமான பிரட்டல் இருப்பதால் தண்ணீரில் மட்டும் கை வைக்கவே கூடாது.

இப்போது பண்டுங் கலக்குவதைப் பாருங்கள், அதுதான் அழகு! பத்து லிட்டருக்கு ஒன்றேகால் லிட்டர் சிரப், இரண்டு டின் எவாப்பரேட்டட் பால், எட்டு லிட்டர் குளிர்ந்த தண்ணீர். பால் ஊற்றிய நொடியில் சிவப்பு முழுக்க இளஞ்சிவப்பாகப் பூக்கிறது! முப்பதையும் ஒரே தடவையில் கலப்பதில்லை. இந்த உஷ்ணத்தில் பால் கெட்டுவிடும் என்பதால், ஒரு தோம்பு காலியானதும்தான் அடுத்தது. ஐஸையும் தோம்பில் கொட்டாமல் கப்பில்தான் போடுகிறார்கள். தோம்பில் கரைந்தால் நிறம் வெளுத்து, கடைசியில் வருபவருக்கு ரோஸ் வாசனைத் தண்ணீர்தான் கிடைக்கும்.

எலுமிச்சைக் கரண்டிக்குப் பச்சை நாடா, பண்டுங் கரண்டிக்குச் சிவப்பு நாடா. மாறிப்போய்ப் புளிப்பு பாலில் விழுந்தால் சிறு சிறு வெள்ளைத் துணுக்குகளாகத் திரிந்து மிதக்கும். அந்தத் தோம்பையே கீழே கொட்ட வேண்டியதுதான்.

கப்புக்குப் போடும் ஐஸ் ஏறத்தாழ 17 கிலோ. போத்தல்களைக் குளிர வைக்கவும் கரைந்துபோவதற்கும் அதே அளவு இன்னொரு மடங்கு. அதில் பாதியை மதியத்துக்குப் பிறகுதான் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் அக்கா. சிங்கப்பூர்ச் சொந்தங்கள் பாலத்து நெரிசலைத் தாண்டி, மூன்று மணிவாக்கில் மொத்தமாக வந்து இறங்குவார்களாம். அவர்களுக்காகவே இரண்டாவது மேசையும் நிரப்பிய தோம்பும் அந்த நேரத்துக்குத் தயார்!