பைபாஸுக்குப் போன தோட்டம்... இழப்பீட்டுக்கு வரி உண்டா?

கோவை மேற்கு புறவழிச்சாலை மதுக்கரை மைல்கல்லில் தொடங்கி நரசிம்மநாயக்கன்பாளையம் வரை 32 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. இப்படி ஒரு சாலைக்கு நிலம் போய், இழப்பீடு வங்கிக்கு வந்ததும் எழும் கேள்வி: இதற்கு வருமான வரி கட்ட வேண்டுமா?

முதலில், எந்தச் சட்டப்படி நிலம் எடுத்தார்கள் என்று தீர்வாணையில் பாருங்கள். 2013-ம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் என்றால், அதன் 96-வது பிரிவே வரிவிலக்கு தருகிறது. மத்திய நேரடி வரிகள் வாரியமும் 36/2016 சுற்றறிக்கையில் இதை உறுதி செய்துள்ளது. ஆனால், இந்த பைபாஸுக்கு நிலம் எடுக்கப்பட்டது தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001-ன்படி. எனவே 96-வது பிரிவை மட்டும் நம்பினால், ‘அது வேறு சட்டம்’ என்று அதிகாரி மறுக்க இடமுண்டு.

கிராமத்து விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரியே கிடையாது. மதுக்கரைக்கு அது பொருந்தாது. 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட மாநகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் 8 கிலோமீட்டருக்குள் இருந்தால், அது நகர்ப்புற நிலம்தான்.

கைகொடுக்கும் 10(37)

இங்கேதான் வருமான வரிச் சட்டம், 1961-ன் 10(37) பிரிவு உதவுகிறது. நகர்ப்புற விவசாய நிலத்தை அரசு கட்டாயமாக எடுத்தால், ஆதாயத்துக்கு வரி இல்லை. உரிமையாளர் தனிநபராகவோ இந்துக் கூட்டுக் குடும்பமாகவோ இருக்க வேண்டும். நிலம் கைமாறுவதற்கு முந்தைய 2 ஆண்டுகள் அவரோ, அவருடைய பெற்றோரோ அதில் விவசாயம் செய்திருக்க வேண்டும்.

‘பேசி விலை முடித்து கிரயம் செய்தோமே, அது கட்டாயமா?’ என்ற சந்தேகம் வரலாம். திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு நிலம் கொடுத்தவர் வழக்கில் (பாலகிருஷ்ணன் எதிர் இந்திய அரசு), கையகப்படுத்தல் தொடங்கிய பிறகு விலையை மட்டும் பேசி உயர்த்தினாலும் அது கட்டாயக் கையகப்படுத்தலே என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நோட்டீஸ் வந்தால்

ஒரு கணக்குக்கு, தென்னந்தோப்புக்கு 80 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று வைப்போம். விவசாய நிலத்துக்கு டி.டி.எஸ். பிடிக்கக் கூடாது. இருந்தும் 10 சதவிகிதமாக 8 லட்சம் பிடித்துவிட்டால், அது 26AS படிவத்தில் தெரியும். ITR-2-ல் 80 லட்சத்தை விலக்கு பெற்ற வருமானமாக Schedule EI பகுதியில் காட்டி, 8 லட்சத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். காட்டாமல் விட்டால், கணக்கு பொருந்தவில்லை என்று 143(1)(a) நோட்டீஸ் வரலாம்.

பதில் தர 30 நாள்தான் அவகாசம். வரித்துறை தளத்தில் e-Proceedings பகுதிக்குப் போய், திருத்தத்தை ஏற்கவில்லை என்று தெரிவித்து, 10(37)-ஐ முதல் காரணமாக எழுதுங்கள். அதிகாரி ஆதாரம் கேட்டால் தீர்வாணை நகல், சிட்டா, முந்தைய 2 ஆண்டு அடங்கல் ஆகியவற்றைக் கொடுங்கள். இதில் அடங்கல்தான் உயிர்நாடி. அதில் ‘தரிசு’ என்று இருந்தால், விலக்கு கிடைப்பது கடினம்.

இன்னொன்று, தாமதத்துக்கும் கூடுதல் இழப்பீட்டுக்கும் தரும் வட்டியை வரித்துறை தனி வருமானமாகத்தான் பார்க்கிறது. அதில் பாதியைக் கழித்து, மீதிக்கு வரி போடும். ஆகவே அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று நில எடுப்பு அலுவலகத்தில் பிரித்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

(2026 மார்ச் 31 வரை கிடைத்த தொகைக்கே இந்தப் பிரிவு எண்கள். அதன் பிறகு புதிய வருமான வரிச் சட்டத்தின் எண்களைப் பார்க்க வேண்டும்.)