விலை ஒரு பக்கம், ஆர்.எஸ்.ஐ. ஒரு பக்கம்

பங்கு சார்ட்டின் அடியில் 0-க்கும் 100-க்கும் இடையே ஏறி இறங்கும் கோடுதான் ஆர்.எஸ்.ஐ. வெல்ஸ் வைல்டர் 1978-இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை அறிமுகப்படுத்தினார். வழக்கமாக 14 நாள் கணக்கில் சராசரி ஏற்றத்தையும் சராசரி இறக்கத்தையும் ஒப்பிட்டு இது போடப்படுகிறது. விலை எங்கே நிற்கிறது என்பது இதற்குத் தெரியாது. அண்மையில் எவ்வளவு வேகமாக நகர்ந்தது என்பது மட்டுமே தெரியும். அதனால்தான் விலையும் இதுவும் சில சமயம் முரண்படுகின்றன. அந்த முரண்தான் டைவர்ஜென்ஸ்.

ஒரு பங்கு சரிந்துகொண்டே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 400 ரூபாயைத் தொட்டபோது ஆர்.எஸ்.ஐ. 27. அங்கிருந்து 430 வரை மீண்டு, மறுபடி 385-க்கு விழுகிறது. விலை புதிய அடிமட்டத்தைத் தொட்டுவிட்டது, ஆர்.எஸ்.ஐ.யோ 34-இலேயே நின்றுவிட்டது. விற்பவர்களின் வேகம் குறைந்திருக்கிறது. இது ரெகுலர் டைவர்ஜென்ஸ். இறக்கம் திரும்பக்கூடும் என்பதற்கான அறிகுறி.

இப்போது ஏறுமுகத்தில் இருக்கும் வேறொரு பங்கு. 400-இல் அடிமட்டம் போட்டபோது ஆர்.எஸ்.ஐ. 45. பிறகு 470 வரை போய், சில நாட்களில் சடசடவென்று 420-க்கு இறங்குகிறது. ஆர்.எஸ்.ஐ. 38. இறக்கம் வேகமானது என்பதால் ஆர்.எஸ்.ஐ. முன்பைவிடக் கீழே போய்விட்டது. அத்தனை விற்பனை நடந்தும் விலையைப் பழைய 400-க்குக் கொண்டுபோக முடியவில்லை. இது ஹிடன் டைவர்ஜென்ஸ். பழைய ஏற்றமே தொடரலாம் என்கிறது.

இரண்டையும் பிரித்தறிய நான் நம்புவது ஒரே கேள்வியைத்தான்: எல்லை தாண்டியது எது? விலை தாண்டி, ஆர்.எஸ்.ஐ. தாண்டாவிட்டால் ரெகுலர். ஆர்.எஸ்.ஐ. தாண்டி, விலை தாண்டாவிட்டால் ஹிடன். உச்சிகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். அடிமட்டத்தை அடிமட்டத்தோடும் உச்சியை உச்சியோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். இரு கோடுகளிலும் அதே நாட்களை ஒட்டிய புள்ளிகளை எடுக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

ரெகுலரை நம்பி உடனே வாங்குவது ஆபத்து. வேகம் குறைந்தது என்றுதான் அது சொல்கிறது. விலை நிதானமாக இன்னும் சரிந்துகொண்டே போகலாம். கடுமையான இறக்கத்தில் இதே அறிகுறி அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை வந்து பொய்த்துப்போவது சகஜம். எனவே இடையில் வந்த 430-ஐ விலை மேலே கடக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அதற்குள் லாபத்தில் ஒரு பங்கு போய்விடும்தான்.

ஹிடனுக்கு வேறு நிபந்தனை: தொடர்வதற்கு முதலில் ஒரு டிரெண்ட் இருக்க வேண்டும். பக்கவாட்டில் அலையும் பங்கில் அதற்கு அர்த்தமே இல்லை. 420 அடிமட்டம்தானா என்பதும் அடுத்த சில கேண்டில்கள் மேலே முடிந்த பிறகே தெரியும். அப்படி வாங்கியவர்கள் ஸ்டாப்லாஸை 420-க்குச் சற்றுக் கீழே போடுவார்கள். 400-உம் உடைந்தால் ஏறுமுகமே முறிந்துவிட்டது. அந்த டைவர்ஜென்ஸ் செல்லாது.